தாளைப் பார்த்துப் பழுதை அறிதல்: வீட்டுப் பிரிண்டருக்கு அறிகுறி வாரியான வழிமுறை

வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்தால் பலரும் கேட்ரிட்ஜைக் கழற்றி உலுக்கிப் பார்த்துவிட்டு, அதைக் கடைக்குக் கொண்டுபோய் "ரீஃபில் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள். மையோ பவுடரோ தீர்ந்திருந்தால் அது சரிதான். ஆனால் பழுது வேறிடத்தில் இருக்கும்போது ரீஃபிலுக்குக் கொடுக்கும் பணம் வீணாவதோடு, புதிதாக நிரப்பிய மையும் அதே பழுதில் கரைகிறது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை அச்சான தாளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனைத் தாளை அச்சிட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே கீழே உள்ளவற்றைத் தொடங்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதும் முதலில் தெளிவாக வேண்டும். லேசர் பிரிண்டரில் உலர்ந்த டோனர் பவுடர் டிரம் என்ற உருளையில் ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறி, ஃபியூசரின் சூட்டில் உருகிப் பதிகிறது. இங்க்ஜெட்டில் நாசில் எனப்படும் நுண்துளைகள் வழியாகத் திரவ மை தாளில் தெளிக்கப்படுகிறது. இங்க்ஜெட்டிலும் இரண்டு வகை உண்டு. ஹெச்பி 680 போன்ற கேட்ரிட்ஜ்களில் நாசில்கள் கேட்ரிட்ஜின் அடிப்பக்கத்திலேயே இருப்பதால், கேட்ரிட்ஜை மாற்றினால் நாசில்கள் அடங்கிய பாகமான ஹெட்டும் புதிதாகிவிடும். எப்சன் எல் வரிசை போன்ற டேங்க் பிரிண்டர்களில் ஹெட் இயந்திரத்தின் உள்ளே நிரந்தரமாக இருக்கிறது. பாட்டில் மை மலிவு என்றாலும், ஹெட் பழுதானால் செலவு பெரிது.

சில வாரங்கள் சும்மா இருந்த இங்க்ஜெட்டில் கறுப்பு வரவில்லை, அல்லது எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன

கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறக்கும் வாரத்தில் அதிகம் கேட்கும் புகார் இது. நாசில் வாயில் நின்ற மை காய்ந்து அடைத்திருக்கலாம், அல்லது ஹெட்டுக்குள் காற்று புகுந்திருக்கலாம். கணினியில் பிரிண்டரின் Printing Preferences பக்கத்தைத் திறந்து, Maintenance என்ற பகுதியில் உள்ள Nozzle Check-ஐ அச்சிடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டு போன்ற சிறு கோடுகள் தாளில் வரும். அவற்றில் இடைவெளி இருந்தால் அந்த இடத்து நாசில் மை விடவில்லை என்று பொருள். இடைவெளியே இல்லாமல் படம் முழுமையாக இருந்தும் ஆவணம் மட்டும் மோசமாக வந்தால், பழுது ஹெட்டில் இல்லை. தாள் வகையைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள், அல்லது Draft தரத்தில் அச்சிடுகிறீர்கள்.

இடைவெளி இருந்தால் Head Cleaning ஒரு முறை ஓட்டி, மீண்டும் Nozzle Check எடுங்கள். டேங்க் பிரிண்டரில் இந்த இணையை 3 முறை வரை செய்யலாம். அதற்குள் சரியாகவில்லை என்றால் பிரிண்டரை அணைத்துவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எப்சன் தன் பயனர் கையேட்டிலேயே இப்படித்தான் சொல்கிறது. அந்த ஓய்வில் காற்றுக் குமிழ்கள் விலகுகின்றன, காய்ந்த மையும் ஊறி இளகுகிறது. பொறுமையில்லாமல் அடுத்தடுத்துப் பத்து முறை கிளீனிங் ஓட்டுபவர்களுக்கு அடைப்பு நீங்குவதைவிட மை தீர்வதுதான் முதலில் நடக்கிறது. 12 மணி நேரத்துக்குப் பின்னும் பலனில்லை என்றால் Power Cleaning என்ற கடும் முறை இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும்; குறைவாக இருக்கும்போது ஓட்டினால் குழாய்க்குள் காற்று இழுக்கப்பட்டு நிலைமை மோசமாகும்.

ஹெட் கேட்ரிட்ஜோடு சேர்ந்தே இருக்கும் வகையில் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். டிஷ்யூ தாளை மடித்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து, தட்டில் விரித்து, அதன் மேல் கேட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை வைத்துச் சில நிமிடங்கள் விடுங்கள். பிறகு உலர்ந்த டிஷ்யூவில் மெதுவாக ஒற்றி எடுங்கள். வண்ணக் கேட்ரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று பட்டைகள் தனித்தனியாகப் பதியும். ஒரு பட்டை விடுபட்டிருந்தால் அந்த நிறம் அடைத்திருக்கிறது அல்லது தீர்ந்திருக்கிறது. மூன்றும் நன்றாகப் பதிந்தும் தாளில் ஒரு நிறம் வரவில்லை என்றால், மையைச் சூடாக்கித் தள்ளும் நுண்மின்தடைகள் கருகியிருக்கலாம், அல்லது செம்புத் தொடர்புப் புள்ளிகளில் அழுக்கு இருக்கலாம். புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். கருகிய ஹெட்டுக்கு மருந்து கிடையாது, புதுக் கேட்ரிட்ஜ்தான்.

இந்தத் தொல்லை திரும்ப வராமலிருக்க, பிரிண்டரை அதன் பவர் பட்டனால்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடியின் மேல் போய் நிற்கும். சுவரிலுள்ள சுவிட்சை நேரடியாகத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்று காய்கிறது. நம் வீடுகளில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டுவிட்டால் பெரும்பாலும் அடைப்பு வராது.

ரீஃபில் செய்த இங்க்ஜெட் கேட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது, அல்லது நிறம் மாறி வருகிறது

மை நிரப்பிய பிறகும் திரையில் மை குறைவு என்றே காட்டினால் பதற வேண்டாம். கேட்ரிட்ஜிலுள்ள மையைப் பிரிண்டர் நேரடியாக அளப்பதில்லை. எத்தனை துளி விட்டோம் என்று எண்ணியே மீதியைக் கணிக்கிறது. ஆகவே நீங்கள் ஊசியால் நிரப்பியது அதற்குத் தெரியாது. பயன்படுத்திய அல்லது ரீஃபில் செய்த கேட்ரிட்ஜ் என்ற எச்சரிக்கை வந்தால் பல மாடல்களில் OK அல்லது Continue கொடுத்து அச்சிடலாம். சில நிறுவனங்கள் மென்பொருள் புதுப்பிப்பின் வழியாக, வேறு நிறுவனச் சில்லு உள்ள கேட்ரிட்ஜ்களை முற்றாக மறுக்கச் செய்கின்றன. ஆகவே நேற்று வரை வேலை செய்த மாற்றுக் கேட்ரிட்ஜ் இன்று மறுக்கப்பட்டால், இடையில் பிரிண்டர் இணையத்தில் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறி நிரப்புவதே. வண்ணக் கேட்ரிட்ஜின் உள்ளே மூன்று அறைகளும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மை உறிஞ்சும் பஞ்சு இருக்கிறது. துளை வரை மை பொங்கும்படி நிரப்பினால் அது பக்கத்து அறைக்குள் வழிந்து, மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சை வரும். அப்படி ஆனால் நாசில் பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றி ஒற்றி, தூய நிறம் பதியும்வரை கலந்த மையை வெளியேற்றிப் பார்க்கலாம். அதன் பின்னும் சரியாகாவிட்டால் அந்தக் கேட்ரிட்ஜை விட்டுவிடுவதே நல்லது. கறுப்புக் கேட்ரிட்ஜை ரீஃபில் செய்வது எளிது. வண்ணக் கேட்ரிட்ஜை வீட்டில் ரீஃபில் செய்யும் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முற்றிலும் தீர்ந்து, வெறும் தாள் வரும்வரை அச்சிட்டுவிட்டு ரீஃபிலுக்குக் கொடுப்பதும் தவறு. வெப்பத்தால் இயங்கும் ஹெட்டைக் குளிர்விப்பதே அதன் வழியே செல்லும் மைதான். மை இல்லாமல் ஓட்டினால் மின்தடைகள் கருகும். எழுத்து மங்கத் தொடங்கிய அன்றே நிரப்பினால் அதே கேட்ரிட்ஜ் இன்னும் சில முறை தாங்கும்.

டேங்க் பிரிண்டரில் எந்த மையை ஊற்றுகிறோம் என்பதும் பழுதாக மாறக்கூடியது. சில மாடல்களின் கறுப்பு டை வகை. வேறு சிலவற்றின் கறுப்பு பிக்மென்ட் வகை. பிக்மென்ட் மையில் நுண்துகள்கள் மிதக்கின்றன. டை மைக்கென்று வடிவமைத்த ஹெட்டில் அதை ஊற்றினால் அடைக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் கறுப்பு எது என்று அறிய, அச்சிட்டுக் காய்ந்த எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டை மை கரைந்து பரவும், பிக்மென்ட் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மழை நாளில் தேர்வு நுழைவுச்சீட்டை டை மையில் அச்சிட்டு எடுத்துச் செல்பவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்வது நல்லது.

இங்க்ஜெட்டின் விளக்குகள் சிமிட்டுகின்றன, எதையும் அச்சிட மறுக்கிறது

தாள் சிக்கவில்லை, மையும் இருக்கிறது, ஆனாலும் இயந்திரம் அசையவில்லை என்றால், கழிவு மைத் திண்டின் கணக்கு நிறைந்திருக்கலாம். ஹெட் கிளீனிங் ஓட்டும்போது வெளியேறும் மை இயந்திரத்தின் அடியில் உள்ள ஒரு பஞ்சுத் திண்டில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்பதை இயந்திரம் எண்ணிக்கொண்டே வந்து, வரம்பைத் தொட்டதும் நின்றுவிடும். கணினித் திரையில் ink pad என்ற சொல்லோடு செய்தி வரும். கேனான் இயந்திரங்களில் 5B00 என்ற எண் தோன்றும். அந்தக் கணக்கை மென்பொருளால் பூச்சியமாக்கிக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. கணக்கை மட்டும் அழித்துத் திண்டை மாற்றாமல் விட்டால், சில மாதங்களில் மேசையில் கறுப்பு மை கசியும். ஆகவே திண்டை மாற்றியோ கழுவிக் காயவைத்தோ போட்டுவிட்டுத்தான் கணக்கை அழிக்கச் சொல்ல வேண்டும். சில புதிய மாடல்களில் நாமே மாற்றிக்கொள்ளும் பெட்டியாக இது வருகிறது. வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்வது பிற்காலத்தில் உதவும்.

லேசரில் ரீஃபிலுக்குப் பின் தாள் முழுதும் சாம்பல் படர்கிறது, ஒரே புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறது

ரீஃபில் சார்ந்த பழுதுகளில் பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். தமிழ்நாட்டு வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பரவலாக உள்ள ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 ஆகிய இரண்டுக்கும் கடைக்காரர்கள் "12ஏ" என்று அழைக்கும் ஒரே அமைப்பிலான கேட்ரிட்ஜ்தான். இது இரண்டு பாதிகளாக இருக்கும். ஒரு பாதியில் பவுடர் அறையும், பவுடரை எடுத்துத் தரும் மேக்னெட்டிக் ரோலரும் உள்ளன. மறு பாதியில் டிரம், அதற்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் ரோலர், தாளுக்கு மாறாமல் டிரம்மில் எஞ்சிய பவுடரை வழித்தெடுக்கும் வைப்பர் பிளேடு, வழித்ததைச் சேர்த்துவைக்கும் கழிவு அறை ஆகியவை உள்ளன. முதல் பாதியில் பவுடர் போட்டால் மட்டும் ரீஃபில் முடிந்ததாகாது. இரண்டாம் பாதியின் கழிவு அறையையும் காலி செய்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியையின் பிரிண்டரில் இந்தக் கோளாறு வந்தது. மூன்றாவது ரீஃபில் முடிந்து வந்த கேட்ரிட்ஜைப் போட்டதும் வினாத்தாளின் வெள்ளைப் பகுதியெல்லாம் சாம்பல் நிறமாக வந்தது. இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் விழுந்துகொண்டிருந்தது. பள்ளி ஸ்கேலை வைத்து இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்தபோது ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் வந்தது. இந்தக் கேட்ரிட்ஜின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் சுற்றளவு 75 மில்லிமீட்டர். அதாவது டிரம் ஒரு முறை சுழன்று முடியும் தூரத்துக்கு ஒரு புள்ளி விழுகிறது. ஆகவே குறை டிரம்மின் மேற்பரப்பில்தான் இருந்தாக வேண்டும். இடைவெளி இதைவிடக் குறைவாக இருந்திருந்தால் அதைவிட மெல்லிய ரோலர்களில் ஒன்றைச் சந்தேகித்திருக்கலாம்.

கேட்ரிட்ஜின் மூடியைத் தள்ளிப் பார்த்தபோது, பச்சை நிற டிரம்மின் இடது ஓரத்தில் பூச்சு தேய்ந்து வளையம் போல வெளுத்திருந்தது; அதன் அருகே ஊசி முனையளவு ஒரு குழி இருந்தது. புள்ளிக்கான காரணம் அந்தக் குழி. சாம்பல் படர்வுக்குக் காரணம் வேறு. இந்த வகை லேசரில் சார்ஜ் ரோலர் டிரம் முழுவதும் சீரான மின்னூட்டம் தருகிறது. லேசர் ஒளி பட்ட இடத்தில் அந்த மின்னூட்டம் இறங்குகிறது; இறங்கிய இடத்தில்தான் பவுடர் ஒட்டுகிறது. சார்ஜ் ரோலரில் அழுக்குப் படிந்தாலோ, டிரம் தேய்ந்தாலோ வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் மின்னூட்டம் போதாமல், பவுடர் மெல்லியதாக ஒட்டிவிடுகிறது. கேட்ரிட்ஜைப் பிரித்தபோது கழிவு அறை விளிம்பு வரை நிரம்பியிருந்தது. வழிந்த பவுடர் சார்ஜ் ரோலர் முழுதும் அப்பியிருந்தது. மூன்று முறையும் பவுடர் மட்டுமே போடப்பட்டிருக்கிறது, கழிவு ஒரு முறைகூடக் கொட்டப்படவில்லை என்பதை அந்த அறையே காட்டியது.

டிரம்மையும் வைப்பர் பிளேடையும் மாற்றி, சார்ஜ் ரோலரை உலர்ந்த பஞ்சு இல்லாத துணியால் துடைத்து, கழிவைக் கொட்டியதும் தாள் வெளுத்தது. கடையில் கேட்கப்பட்டதோ நான்காவது ரீஃபிலுக்கான பணம். ஆகவே ரீஃபிலுக்குக் கொடுக்கும்போது "கழிவை எடுத்தீர்களா?" என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் கண் முன்னே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கழிவுப் பவுடரை மறுபடியும் பவுடர் அறையில் கொட்டும் கடைகளும் இருக்கின்றன. அதில் தாள் தூசி கலந்திருப்பதால் அச்சு கரடுமுரடாக வரும், பிளேடுகளும் கெடும். பவுடர் வகையும் பொருந்த வேண்டும். 12ஏ கேட்ரிட்ஜுக்குக் காந்தத் தன்மையுள்ள பவுடர் தேவை. பிரதர் போன்ற இயந்திரங்களுக்குக் காந்தத் தன்மையற்றது தேவை. ஒன்றை மற்றொன்றில் போட்டால் முதல் தாளிலேயே தெரிந்துவிடும்.

டிரம்மை நீங்களே தொட நேர்ந்தால் அதை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. கறுப்புத் துணியால் மூடிவையுங்கள். கையில் பட்ட பவுடரைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் அதை இளக்கி ஒட்டவைக்கும். சிந்திய பவுடரை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால், அந்த நுண்துகள் அதன் வடிகட்டியைக் கடந்து அறை முழுதும் பரவும். ஈரத்துணியே போதும்.

லேசரில் எழுத்து மங்கல், வெள்ளைப் பட்டை, அல்லது நீளவாக்கில் கறுப்புக் கோடு

தாள் முழுதும் ஒரே சீராக மங்கலாக இருந்தால் முதலில் டிரைவர் அமைப்பில் EconoMode அல்லது Toner Save தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள் யாராவது அதைத் தட்டிவிட்டிருப்பார்கள். அது இல்லை என்றால், மேலிருந்து கீழாக ஓரங்கள் கரைந்த அகலமான வெளிர் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அது பவுடர் தீரும் அறிகுறி. கேட்ரிட்ஜை எடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்து இடமும் வலமுமாக ஐந்தாறு முறை ஆட்டினால் மீதமுள்ள பவுடர் சமமாகப் பரவி, இன்னும் கொஞ்சப் பக்கங்கள் கிடைக்கும். பட்டை அகலமாக இல்லாமல், கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெள்ளைக் கோடாக இருந்தால் பவுடர் பற்றாக்குறை காரணமல்ல. பவுடரின் அளவைச் சீராக்கும் டாக்டர் பிளேடில் கட்டி சிக்கியிருக்கலாம், அல்லது லேசர் செல்லும் கண்ணாடியில் தூசி இருக்கலாம். வேறொரு கேட்ரிட்ஜைப் போட்டும் கோடு அதே இடத்தில் வந்தால் பழுது இயந்திரத்தில்.

மெல்லிய கறுப்புக் கோடு தாளின் முழு நீளத்துக்கும் ஓடினால் டிரம்மில் சுற்றுவாக்கில் கீறல் விழுந்திருக்கிறது. ஓரத்தில் மங்கலான, தடித்த கறுப்புப் பட்டை என்றால் வைப்பர் பிளேடு தேய்ந்து பவுடரை வழிக்கவில்லை. முதலாவதற்கு டிரம், இரண்டாவதற்குப் பிளேடு. ரீஃபில் முடிந்து வந்ததும் முழுக் கறுப்புத் தாளோ முழு வெள்ளைத் தாளோ வந்தால், பொருத்தும்போது உள்ளே உள்ள மின்தொடர்பு ஸ்பிரிங் ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று பொருள். பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது.

லேசர் அச்சு விரலால் தேய்த்தால் உதிர்கிறது

பவுடர் தாளுக்கு வந்துவிட்டது, ஆனால் உருகவில்லை. இதில் கேட்ரிட்ஜை மாற்றிப் பயனில்லை. முதலில் டிரைவரில் தாள் வகையைப் பாருங்கள். கனமான பாண்ட் தாளை Plain என்று சொல்லி அச்சிட்டால் ஃபியூசர் கொடுக்கும் சூடு அதற்குப் போதாது. Heavy என்று மாற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த தாளும் இதே தொல்லையைத் தரும். ஈரம் ஆவியாவதிலேயே சூடு செலவாகிறது. தாளும் சுருண்டு வெளிவரும். புதிய கட்டிலிருந்து ஒரு தாளைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

இவை இரண்டும் இல்லை என்றால் ஃபியூசர் படலம், அதாவது கடைகளில் டெஃப்லான் என்று அழைக்கப்படுவது, கிழிந்திருக்கலாம். அப்போது எழுத்து உதிர்வதோடு ஒரு பக்கமாக ஈஷிக்கொண்டும் வரும். உறுதி செய்துகொள்ள, தாள் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்து தாளை மெதுவாக எடுத்துப் பாருங்கள். ஃபியூசருக்குள் நுழையாத பகுதியில் எழுத்து, தொட்டால் உதிரும் நிலையிலும், வடிவில் மட்டும் தெளிவாகவும் இருந்தால் கேட்ரிட்ஜ் குற்றமற்றது. ஃபியூசர் பகுதியைக் கையால் தொடாதீர்கள், அது கடும் சூட்டில் இருக்கும். இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்பான போட்டோ தாளை லேசரில் ஒருபோதும் போடக் கூடாது. அதன் பூச்சு உருகி டெஃப்லானில் சுற்றிக்கொண்டால் அந்த ஒரு தாளின் விலை ஒரு ஃபியூசர்.

ஃபியூசரின் சூட்டோடு தொடர்புடைய இன்னொரு அறிகுறியும் உண்டு. அச்சு தொடங்கும் கணத்தில் வீட்டு யுபிஎஸ் அலறுகிறது அல்லது கணினி அணைந்துவிடுகிறது என்றால், பிரிண்டரில் பழுதே இல்லை. சூடேறும் நொடியில் லேசர் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. அதை நேரடியாகச் சுவர் இணைப்பில் போடுங்கள். இங்க்ஜெட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இயந்திரம் நன்றாக இருக்கிறது, ஆனால் செலவு கையைக் கடிக்கிறது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் சுமார் 5 சதவீதப் பரப்பில் மை படும் சாதாரணக் கடிதத்தை வைத்துக் கணக்கிட்டது. படம் நிறைந்த பாடத்திட்டத் தாள்களை அச்சிட்டால் அதில் பாதிகூட வராது. கீழே வரும் விலைகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டவையே; உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்பி 680 கறுப்புக் கேட்ரிட்ஜ் 480 பக்கம் தரும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. விலை 900 ரூபாய் என்றால் ஒரு பக்கத்துக்கு மைச் செலவு 1 ரூபாய் 88 காசு. எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லியில் 4,500 பக்கம் என்று குறிக்கப்படுகிறது. 350 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 8 காசுதான். லேசர் 12ஏ புதுக் கேட்ரிட்ஜின் கணக்கு 2,000 பக்கம். 5,000 ரூபாய் என்றால் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். அதையே மூன்று முறை 300 ரூபாய்க்கு ரீஃபில் செய்து, இடையில் ஒரு முறை 250 ரூபாய்க்கு டிரம்மும் பிளேடும் மாற்றினால், 6,000 பக்கத்துக்கு 1,150 ரூபாய் ஆகிறது; பக்கத்துக்கு 19 காசு. தாள் விலை மூன்றுக்கும் பொது. 500 தாள் கொண்ட ரீம் 280 ரூபாய் என்றால் தாளுக்கு 56 காசு. அதாவது டேங்க்கிலும் ரீஃபில் லேசரிலும் மையைவிடத் தாளுக்கே அதிகம் செலவழிக்கிறோம். இரு பக்கமும் அச்சிடுவது அங்கே மலிவு மையைத் தேடுவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

இயந்திரத்தின் விலையையும் சேர்த்தால் வரிசை மாறும். மாதம் 60 பக்கம் கறுப்பு மட்டும் அச்சிடும் ஒரு வீட்டில் 4 ஆண்டில் 2,880 பக்கம் ஆகும். 4,000 ரூபாய்க் கேட்ரிட்ஜ் பிரிண்டருக்கு 6 கேட்ரிட்ஜ் தேவை. மொத்தம் 9,400 ரூபாய், பக்கத்துக்கு 3 ரூபாய் 26 காசு. 11,000 ரூபாய் டேங்க் பிரிண்டருக்கு ஒரு பாட்டில் சேர்த்து 11,350. பக்கத்துக்கு 3 ரூபாய் 94 காசு. 12,000 ரூபாய் லேசருக்கு இரண்டு ரீஃபில் சேர்த்து 12,600. பக்கத்துக்கு 4 ரூபாய் 38 காசு. தாளில் எழுதிப் பார்த்தால் கேட்ரிட்ஜ் பிரிண்டரே வெல்கிறது.

ஆனால் மாதம் 60 பக்கம் என்பது தினம் இரண்டு பக்கமாக வருவதில்லை. தேர்வு வாரத்தில் ஐம்பது, பிறகு மூன்று வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் வீடுகளின் நடைமுறை. அந்த இடைவெளியில் காய்ந்து போன நாசிலைத் திறக்கும் கிளீனிங், பாதி மையைக் குடித்துவிட்டால் 6 கேட்ரிட்ஜ் 12 ஆகிறது. மொத்தம் 14,800, பக்கத்துக்கு 5 ரூபாய் 14 காசு. லேசர் பவுடர் காய்வதில்லை. மூன்று மாதம் சும்மா இருந்தாலும் முதல் தாளே தெளிவாக வரும். ஆகவே விட்டுவிட்டு அச்சிடும் வீட்டுக்கு, கறுப்பு மட்டும் போதும் என்றால் லேசரைத்தான் சொல்வேன். வாரம் தவறாமல் அச்சிடுபவர்களுக்கும் வண்ணம் வேண்டுபவர்களுக்கும் டேங்க் இங்க்ஜெட். மாதம் பத்துப் பக்கத்துக்கும் குறைவாக அச்சிடுபவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை; ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய் கொடுத்தாலும் 4 ஆண்டில் 2,400 ரூபாய்தான் ஆகும்.

உங்கள் சொந்தக் கணக்குக்கு, கேட்ரிட்ஜ் மாற்றும் அல்லது ரீஃபில் செய்யும் நாளில் அதன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டித் தேதியை எழுதுங்கள். பல பிரிண்டர்களின் நிலை அறிக்கைத் தாளில் இதுவரை அச்சான மொத்தப் பக்க எண்ணும் வரும், அதையும் எழுதிவையுங்கள். அடுத்த ரீஃபில் நாளில் இரண்டு எண்களின் வித்தியாசத்தால் கொடுத்த பணத்தை வகுத்தால் உண்மையான பக்கச் செலவு கிடைக்கும். லேசரில் அந்த வித்தியாசம் ஒவ்வொரு ரீஃபிலுக்கும் சுருங்கிக்கொண்டே வந்தால், பவுடர் தாளுக்குப் போகாமல் கழிவு அறைக்குப் போகிறது, அல்லது கடையில் குறைவாக நிரப்புகிறார்கள். கேட்ரிட்ஜைக் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். 12ஏ கேட்ரிட்ஜில் சுமார் 100 கிராம் பவுடர் போட வேண்டும். கழிவையும் கொட்டியிருந்தால் எடை அதைவிடக் குறைவாகவே கூடியிருக்கும் என்பதால், கொட்டிய கழிவையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி, அதன் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.